ஓய்வுப் பணம் மூன்று வாளியில்: ரூபாவை விட்டுவிட்டு வருடத்தை எண்ணுங்கள்

அத்தானுக்கு ஊழியர் சேமலாப நிதியக் காசு கணக்கில் விழுந்த மறுநாள் களுவாஞ்சிகுடியில் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கையில் ஒரு துண்டுக் கடதாசி. அதில் கணக்குப் போட்டே வைத்திருந்தார்.

"மொத்தம் ஒரு கோடி இருபது இலட்சம். எல்லாத்தையும் எட்டு வீதத்துக்கு நிலையான வைப்பில போட்டா மாசம் எண்பதாயிரம். எங்கட செலவும் எண்பதாயிரந்தான். வாடகையும் வயற்குத்தகையும் மேல்மிச்சம். முதல்ல கைவைக்கவே தேவையில்ல. பிறகென்ன மச்சான்?"

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது இந்த வருடத்துக்கு மட்டும் சரியான கணக்கு. விலைவாசி வருடம் 5 வீதம் ஏறினால் ஏறத்தாழ 14 வருடத்தில் எல்லாச் செலவும் இரட்டிக்கும். அத்தானுக்கு இப்போது 60. அவருக்கு 74 ஆகும்போது அதே சோறு, அதே மருந்து, அதே கரண்ட் பில்லுக்கு மாதம் 1,60,000 வேண்டும். முதல் அதே ஒரு கோடி இருபதாக இருந்தால் வட்டியும் அதே எண்பதாயிரமாகத்தான் இருக்கும். எட்டு வீத வட்டியில் ஐந்து வீதம் விலையேற்றத்தின் பங்கு. மீதி மூன்றுதான் நம்முடையது. எட்டையும் சாப்பிடுகிறவர் விதைநெல்லையும் குற்றிச் சமைக்கிறார்.

அந்த எட்டு வீதமும் யாரும் எழுதிக் கொடுத்த வாக்கு அல்ல. 2021இல் ஒரு வருட வைப்புக்கு ஐந்து, ஆறு வீதம்தான் கிடைத்தது. 2022 கடைசியில் இருபதைத் தாண்டியது. பிறகு மெல்ல மெல்ல இறங்கி எட்டு வீதத்தை ஒட்டி வந்தது. ஆறு வீதத்துக்கு இறங்கினால் அத்தானின் எண்பதாயிரம் அறுபதாயிரமாகிவிடும்.

இதற்குத்தான் வாளி முறை. ஹரோல்ட் எவென்ஸ்கி என்ற அமெரிக்க நிதித் திட்டமிடுநர் 1980களில் இதை இரண்டு வாளியாகச் சொன்னார், பிற்பாடு வந்தவர்கள் மூன்றாக்கினார்கள். கிட்டத்தில் செலவழிக்கிற காசு உடனே எடுக்கக்கூடியதாக முதல் வாளியில். நடுக் காலத்துக்குரியது முறிகளிலும் தவணை வைப்புகளிலும், இரண்டாம் வாளியில். பத்து வருடத்துக்கு அப்பால் தேவைப்படுவது பங்குகளில், மூன்றாம் வாளியில். பிரிப்பது சுலபம், அரை நாள் வேலை. பிரித்த பிறகு எந்த வாளியிலிருந்து எதற்குள் எப்போது ஊற்றுவது என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. ஆகவே பிரிப்பதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நான் நிதி ஆலோசகன் இல்லை. பல வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன், அவ்வளவுதான்.

முதலில் துண்டுவிழுகிற தொகை

எத்தனை கோடி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்காதீர்கள். வருடத்துக்கு எவ்வளவு துண்டுவிழுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அத்தான் வீட்டில் மாதச் செலவு 70,000. வருடத்தில் ஒரு தடவை வருகிறவை தனி: கோயில் திருவிழா, மோட்டார் சைக்கிள் காப்புறுதி, ஓடு மாற்றுவது, கொழும்புக்குக் கண் காட்டப் போவது. அவை சேர்ந்து 1,20,000. மொத்தம் வருடம் 9,60,000. "மாசம் எண்பதாயிரம்" என்று அவர் சொன்னது இதைத்தான். வருமானம்: முன்னறை வாடகை மாதம் 20,000, நாலு ஏக்கர் வயற்குத்தகை இரண்டு போகத்துக்கும் சேர்த்து 1,20,000. ஆக 3,60,000. கத்தாரில் இருக்கிற மகன் அனுப்புவதை நான் சேர்க்கவில்லை. அக்காவுக்குக் கோபம். ஆனால் மகனுக்கும் நாளைக்குப் பிள்ளைகுட்டி வரும். வந்தால் வரட்டும், கணக்கில் வேண்டாம்.

துண்டுவிழுவது வருடம் 6 இலட்சம், மாதம் 50,000. இனிமேல் இந்த 6 இலட்சம்தான் நமது அளவுகோல். நெல் அளக்க மரைக்கால் போல, ஒவ்வொரு வாளியையும் இதனால்தான் அளக்கப்போகிறோம். 1 கோடி 20 இலட்சம் என்பது 20 வருடம். ரூபாவில் பார்த்தால் மலையாகத் தெரிந்த காசு வருடத்தில் பார்த்ததும் சுருங்கிவிட்டது. அத்தான் அன்றைக்கு இரண்டாவது தேத்தண்ணி கேட்டது இந்த இடத்தில்தான்.

அரசாங்கப் பென்சன் உள்ளவர்களுக்குத் துண்டுவிழுவது மிகக் குறைவாக இருக்கும், சிலருக்கு இல்லாமலே இருக்கும். அவர்களுக்குப் பென்சனே முதல் வாளி. இந்தக் கட்டுரை தனியார் துறையில் வேலைசெய்து, ஒரே தடவையில் மொத்தமாகக் காசு கிடைத்தவர்களுக்கு.

முதல் வாளி: இரண்டு வருடம்

இரண்டு வருடத் துண்டு, அதாவது 12 இலட்சம். இதைத் தவிர ஆசுபத்திரி, புயல், திடீர்ச் செலவுக்கு 6 இலட்சம் தனிப் புத்தகத்தில். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எது எதற்கென்பது ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

12 இலட்சத்தையும் சேமிப்புக் கணக்கில் தூங்கவிடத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு வேண்டிய 3 இலட்சம் அங்கே இருக்கட்டும். 3 இலட்சத்துக்கு 182 நாள் திறைசேரி உண்டியலும், 6 இலட்சத்துக்கு 364 நாள் உண்டியலும் எடுக்கலாம். உண்டியல் என்பது அரசாங்கம் குறுங்காலத்துக்கு வாங்குகிற கடன். வட்டி தனியாக வராது, கழிவில் விற்பார்கள். வருடத்துக்கு 8 வீதம் என்றால், 5,00,000 முகப்பெறுமதியுள்ள 364 நாள் உண்டியலுக்கு இன்றைக்கு நீங்கள் கட்டுவது 4,62,963 ரூபா, முதிர்வன்று கிடைப்பது ஐந்து இலட்சம். இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் முதனிலை வணிகர்கள், அதாவது அரசாங்கத்திடம் நேரடியாக உண்டியலும் முறியும் வாங்கி விற்கிறவர்கள். அவற்றின் கிளையில் கேட்டால் வழி சொல்வார்கள், கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. குறைந்தபட்சத் தொகை இடத்துக்கிடம் வேறுபடும், கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பத்திரம் ஒன்றும் தரமாட்டார்கள். மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் முறைமையில் உங்கள் பெயரில் பதிவாகும். அந்தப் பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டாம் வாளி: ஏணி

புத்தகக் கணக்குப்படி பத்தாம் வருடம் வரைக்கும் இரண்டாம் வாளி போதும்: எட்டு வருடம், 48 இலட்சம். மிச்சம் 54 இலட்சம் பங்குக்குப் போகவேண்டும். இதைச் சொன்னதும் அத்தான் முகம் கறுத்தது. ஒரு பங்குகூட வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். ஐம்பத்து நாலு ஒரு நாளைக்கு முப்பத்திரண்டாகத் தெரிந்தால் மறுநாளே விற்றுவிட்டு வருவார். பயந்து விற்கிறவரிடம் எந்த வாளி முறையும் செல்லாது. ஆகவே பங்கை 30 இலட்சமாகக் குறைத்தேன். 72 இலட்சம் இரண்டாம் வாளிக்கு, பன்னிரண்டு வருடச் சாப்பாடு. நீங்கள் சந்தையில் பழகியவர் என்றால் இவ்வளவு குறைக்கத் தேவையில்லை.

72 இலட்சத்தை ஒரே தவணையில் கட்டக்கூடாது. இதை நான் என் சொந்தக் காசில் படித்தேன். 2021இல் வட்டி இறங்கிக்கொண்டு போகிறது, இன்னும் இறங்க முன் பிடித்துவிடுவோம் என்று ஐந்து வருட வைப்பு ஒன்றை ஏழரை வீதத்துக்குக் கட்டினேன். அடுத்த வருடமே ஊரெல்லாம் இருபது வீதத்துக்கு வைப்பு எடுத்தது. உடைக்கலாமா என்று கேட்கப் போனேன். உடைத்தால் கொடுத்த வட்டியையே குறைத்துக் கணக்குப் பார்ப்போம் என்றார்கள். அந்த ஐந்து வருடமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனவே ஏணி. 72ஐ ஆறு படியாக்குங்கள், ஒரு படிக்கு 12 இலட்சம். முதற்படி ஒரு வருடத்தில் முதிரும், இரண்டாவது இரண்டு வருடத்தில், இப்படியே ஆறு வரைக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு படி கைக்கு வரும். தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆறு வருடத்துக்கு, ஏணியின் கடைசியில் போடுங்கள். வட்டி ஏறினால் புதுப் படிக்கு ஏறிய வட்டி. இறங்கினால் பழைய படிகளில் பழைய வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று நாம் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

கிட்டப் படி இரண்டும் நிலையான வைப்பு, மற்ற நாலும் திறைசேரி முறி. முறியும் அரசாங்கம் வாங்குகிற கடன்தான், ஆனால் நீண்ட காலத்துக்கு. வருடத்தில் இரண்டு தடவை வட்டி வரும். முதிரும் வரை வைத்திருந்தால் முகப்பெறுமதி முழுதாகக் கிடைக்கும். இடையில் விற்றால் அன்றைய விலைதான். வட்டி வீதம் ஏறியிருந்தால் விலை இறங்கியிருக்கும். படியின் முதிர்வுத் திகதியையும் செலவின் திகதியையும் பொருத்திவைப்பது இடையில் விற்கிற நிலை வராமல் இருக்கத்தான்.

வைப்பில் ஒரு எல்லை உண்டு. உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால் இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு ஆளுக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் வரைக்கும்தான் கொடுக்கும். அந்த இரண்டு படிகளின் 24 இலட்சத்தையும் அத்தான் பெயரில் இரண்டு வங்கியில் ஆறாறு, அக்கா பெயரில் அதே இரண்டு வங்கியில் ஆறாறு என்று நாலாக்கினோம். 60 தாண்டியவர்களுக்கு, 10 இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்குச் சந்தை வட்டிக்கு மேல் 3 வீதம் கூட்டிக் கொடுக்கிற ஏற்பாடு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. இப்போது எப்படி நடக்கிறது என்று உங்கள் வங்கியில் கேளுங்கள்.

வட்டி வேண்டாம் என்கிற முஸ்லிம் குடும்பங்கள் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் இருக்கின்றன. அவர்கள் இதே ஏணியை இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளின் முழாரபா தவணை வைப்புகளில் கட்டலாம். இலாபப் பங்கு முன்கூட்டியே உறுதியில்லை என்பதால் முதல் வாளியை ஆறு மாதம் கூட்டி வைப்பது நல்லது. மூன்றாம் வாளியில் ஷரீஆவுக்கு ஏற்ற பங்கு நிதியங்களைத் தேடவேண்டும்.

மூன்றாம் வாளி

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். தனிக் கம்பனிப் பங்குகளைப் பொறுக்கத் தெரியாதவர்கள், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் பெற்ற பங்கு யுனிட் ட்ரஸ்ட் இரண்டை எடுத்தால் போதும். பலருடைய காசைச் சேர்த்துப் பல கம்பனிப் பங்குகளில் போடுகிற நிதியம் அது. வருடக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். 30 இலட்சத்தையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். மாதம் 2 இலட்சம், பதினைந்து மாதம். காத்திருக்கிற காசு உண்டியலில் இருக்கட்டும்.

"மாசம் அஞ்சு வீதம் தாறம்" என்று வீடு தேடி வருகிறவர்களின் திட்டம் மூன்று வாளியில் எதற்குள்ளும் வராது.

ஊற்றுகிற நாள்

இப்போது முக்கியமான இடம். வருடத்தில் ஒரே ஒரு நாள். அத்தானுக்குச் சித்திரைப் புத்தாண்டு முடிந்து வங்கி திறக்கிற முதல் வாரத்தைக் குறித்தோம். பெரும்போகக் குத்தகைக் காசும் கைக்கு வந்திருக்கும். ஏப்ரல் 1இல் புது வரி வருடமும் தொடங்கியிருக்கும். வட்டியில் 10 வீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ளவர்கள் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். அந்த வேலையும் அதே பயணத்தில் முடிந்துவிடும்.

அன்றைக்கு ஒரு கொப்பியில் மூன்று வாளியின் பெறுமதியையும் எழுதுங்கள். பிறகு இந்த வருடத் துண்டை விலைவாசிக்கு ஏற்றபடி திருத்துங்கள். முதல் வருடம் 6 இலட்சம் என்றால் அடுத்தது 6.3. முதல் வாளியில் ஒரு வருடத்துக்குரியது தீர்ந்திருக்கும். அதை நிரப்பவேண்டும். எங்கிருந்து?

பங்கு வாளிக்கு ஒரு கோடு கீறுங்கள். தொடக்கத்தில் 30 இலட்சம். வருடா வருடம் விலைவாசியோடு கோட்டை உயர்த்துங்கள்: 31.5, 33.1, 34.7. ஊற்றுகிற நாளில் பங்கு கோட்டுக்கு மேலே நின்றால் மேலே நிற்பதை மட்டும் வெட்டி முதல் வாளிக்குள் ஊற்றுங்கள். போதாததை இரண்டாம் வாளியிலிருந்து எடுங்கள். பங்கு கோட்டுக்குக் கீழே என்றால் அதைத் தொடவே வேண்டாம், முழுவதும் இரண்டாம் வாளியிலிருந்து. விதி இவ்வளவுதான். இதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நினைத்துத் தீர்மானிக்கப் போனால், பங்கு ஏறும்போது "இன்னும் ஏறும்" என்று விற்கமாட்டோம், இறங்கும்போது "இன்னும் இறங்கும்" என்று விற்போம்.

மூன்று வருடம் ஓட்டிப் பார்ப்போம். இரண்டாம் வாளிக்கு 8 வீதம், விலைவாசி 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தெளிவாக இருக்க, பங்குக் காசு முழுதும் தொடக்கத்திலேயே போட்டாயிற்று என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் ஏப்ரல். பங்கு 36 இலட்சமாகியிருக்கிறது. கோடு 31.5. மேல்மிச்சம் 4.5 இலட்சத்தை விற்கிறோம். தேவை 6.3, ஆகவே 1.8 மட்டும் இரண்டாம் வாளியிலிருந்து. அந்த வாளி 72இலிருந்து வட்டியோடு 77.8 ஆகியிருந்தது. 1.8 போக 76.

இரண்டாம் ஏப்ரல். சந்தை விழுந்துவிட்டது. பங்கு 20 இலட்சம். அத்தானுக்கு அன்றிரவு நித்திரை வராது. ஆனால் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. தேவை 6.6. முறி வட்டியும் முதிர்ந்த படியும் கையில் இருக்கின்றன, அதிலிருந்து எடுத்து மிச்சத்தை ஏணியில் போடுகிறோம். இரண்டாம் வாளி 82.1, 6.6 போக 75.5.

மூன்றாம் ஏப்ரல். பங்கு 24. கோடு 34.7. இன்னும் கீழேதான். தேவை 6.95. இரண்டாம் வாளி 81.5, அது போக 74.6.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 72இல் தொடங்கிய வாளி, பங்கு இரண்டு வருடம் உதவாதிருந்தும் 74.6 இலட்சமாக நிற்கிறது. கூடியிருக்கிறது என்று மனம் சொல்லும். வருடத்தால் அளந்து பாருங்கள். தொடக்கத்தில் 72ஐ 6ஆல் பிரித்தால் 12 வருடம். முதல் ஏப்ரலில் 76ஐ 6.3ஆல் பிரித்தால் அதே 12. இரண்டாவதில் 75.5ஐ 6.6ஆல் பிரித்தால் 11.4. மூன்றாவதில் 74.6ஐ 6.95ஆல் பிரித்தால் 10.7. இரண்டு வருடத்தில் ஒரு வருடத்துக்கும் மேலான சாப்பாடு குறைந்திருக்கிறது. ரூபா அதைக் காட்டவில்லை. அதனால் கொப்பியில் ஒவ்வொரு வாளிக்கும் நேரே ரூபாவுக்குப் பக்கத்தில் வருடத்தையும் எழுதுங்கள், பார்ப்பதற்கு அந்த இரண்டாவது எண்ணையே பாருங்கள்.

இந்தப் 10.7 பயப்படவேண்டிய எண் அல்ல. பங்கு திரும்பிவரக் காத்திருக்க இன்னும் பத்து வருடம் இருக்கிறது. இரண்டாம் வாளி 6 வருடத்துக்குக் கீழே இறங்கி, பங்கும் கோட்டுக்குக் கீழே கிடந்தால்தான் செலவில் கைவைக்கவேண்டும். நம்ம ஊரில் இது புதிய விசயமும் இல்லை. சிறுபோகத்துக்கு முன் போக ஆரம்பக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? உன்னிச்சைக் குளத்தில் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் செய்வதென்று தீர்மானிக்கிறார்கள். தண்ணி குறைந்த வருடம் முழு வயலும் விதைப்பேன் என்று நிற்கிறவன் கதிர் வரும் நேரத்தில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அத்தான் வீட்டில் அது எப்படியென்றால்: அந்த வருடத் துண்டை விலைவாசிக்கு உயர்த்துவதில்லை, வருடத்தில் ஒரு தடவை வருகிற 1,20,000இல் ஓடு மாற்றுகிற செலவும் திருவிழாச் செலவும் பாதியாகும். அரிசியிலும் மருந்திலும் கைவைப்பதில்லை.

2022 போல் ஒரு வருடம் வந்தால்

இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அந்த சனவரியில் 13,000க்கு மேலே நின்று சில மாதத்தில் 8,000க்குக் கீழே போனது. ஏப்ரலில் சந்தையை ஒரு வாரம் மூடியே வைத்தார்கள். 2020இல் கொரோனாவின்போது மார்ச் 20 முதல் மே 11 வரைக்கும் மூடியிருந்தது. பங்கில் இருக்கிற காசு கேட்ட நாளில் வராமலும் போகலாம் என்பதற்கு நமக்கு இரண்டு சாட்சி இருக்கிறது. முதல் வாளி அதற்காகவும்தான்.

அத்தான் கணக்கை அந்த வருடத்தில் வைத்துப் பார்த்தேன். மாதச் செலவு 80,000. அது 60 வீதம் ஏறினால் 1,28,000. வாடகையும் குத்தகையும் உடனே ஏறாது, அதே 30,000. துண்டு 50,000 அல்ல, 98,000. செலவு ஏறியது 60 வீதம், துண்டோ கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது! இரண்டு வருட வாளி ஒரு வருடத்தில் காலி. வெளிநாட்டுக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒன்றும் இருக்காது, அங்கே விலைவாசி அப்படி ஏறுவதில்லை.

காப்பாற்றுவது இரண்டு. ஒன்று, உண்டியல் குறுகிய தவணையில் புதுப்பிக்கப்படுகிறது, ஏணியிலும் வருடா வருடம் ஒரு படி முதிர்கிறது. 2022 கடைசியில் 91 நாள் உண்டியல் 30 வீதத்தையும் தாண்டிப் போனது. அந்த வருடம் முதிர்ந்த படி வைத்திருந்தவர் புதிய வட்டியைப் பிடித்தார், என்னைப் போல் ஐந்து வருடத்துக்குக் கட்டினவர் வேடிக்கை பார்த்தார். இருந்தாலும் 30 வீத வட்டி 70 வீத விலையேற்றத்துக்கு ஈடாகாது, அந்த இழப்பை யாரும் தவிர்க்க முடியாது. மற்றது பங்கு. 8,000க்குக் கீழே போன சுட்டெண் 2024 முடியும்போது 15,900 வரைக்கும் வந்திருந்தது. கோட்டுக்குக் கீழே விற்காதே என்ற விதியைப் பிடித்துக்கொண்டு இருந்தவருக்குப் பங்கு பழைய உயரத்துக்குத் திரும்பவே ஏறத்தாழ மூன்று வருடக் காத்திருப்பு, விலைவாசியோடு உயர்ந்த கோட்டைத் தொட அதற்கும் மேல். முதல் வாளியும் ஏணியும் அந்தக் காத்திருப்பைத் தாங்கியிருக்கும். விலைவாசி ஒரே வருடத்தில் 15 வீதத்தைத் தாண்டினால் மட்டும் ஏப்ரல் வரைக்கும் நில்லாமல், அந்த மாதமே முதல் வாளியைப் புதிய துண்டுக்கு ஏற்றபடி நிரப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.

வாளியில் ஓட்டை விழுகிற இடங்கள்

தானாகப் புதுப்பித்தல்தான் முதலாவது. வைப்பு முதிர்ந்த நாளில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பல வங்கிகள் அதே தவணைக்கு மறுபடியும் போட்டுவிடும். ஏணியில் ஒரு படி காணாமல்போகும். வைப்புத் திறக்கும்போதே "முதிர்ந்ததும் சேமிப்புக் கணக்குக்கு மாற்றவும்" என்று எழுதிக் கொடுத்து, கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முதிர்வுத் திகதிக்கு ஒரு கிழமைக்கு முன்னால் கலண்டரில் வட்டம் போடுங்கள். தானாகப் புதுப்பித்துவிட்டார்களா என்று அறிய வழி: வங்கியில் கேட்டால் வைப்பின் முதிர்வுத் திகதி மாறியிருக்கும், ஆனால் சேமிப்புப் புத்தகத்தில் அந்தத் தொகை ஏறியிருக்காது.

அடுத்தது இனசனம். முதல் வாளியில் 12 இலட்சம் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் அது இரண்டு மாதத்தில் சீட்டாகவும் கைமாற்றாகவும் கலியாண வீட்டு முன்பணமாகவும் பிரிந்துபோகும். அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தா. யார் கேட்டாலும் "எல்லாம் திறைசேரியில கட்டிப்போட்டம், முதிர ஆறு வருசம்" என்று சொல்லிவிடுவா. பாதி உண்மைதான், போதும். கொடுக்கவே வேண்டும் என்றால் 6 இலட்சத் தனிப் புத்தகத்திலிருந்து கொடுங்கள். முதல் வாளியில் கைவைத்தால் அடுத்து உடைபடுவது ஏணி, அதற்கு அடுத்து இறங்கிக் கிடக்கிற பங்கு.

கடைசியாக, பெயர். சேமிப்புக் கணக்கு இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக இருக்கட்டும். தனிப் பெயரில் உள்ள நாலு வைப்புக்கும் பின்னுரித்தாளி போடுங்கள். யுனிட் ட்ரஸ்ட் இலக்கம், முறி, உண்டியல் விபரம், ஊற்றுகிற விதி எல்லாம் அந்த ஒரே கொப்பியில் இருக்கவேண்டும். அத்தான் அதை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். திறப்பு எங்கே இருக்கிறதென்று அக்காவிடம் கேட்டேன், தெரியவில்லை. இப்போது கொப்பி சாமி அறையில், பஞ்சாங்கத்துக்குக் கீழே இருக்கிறது.